‘மாரடைப்பு 36 சதவீதம் குறையும்’ என்றால் உங்களுக்கு எவ்வளவு குறையும்? கணக்குப் பார்க்கும் வழி

கொழுப்பு மாத்திரை தொடங்கச் சொல்லி உங்கள் வீட்டில் யாருக்காவது சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். ‘மாரடைப்பு ஆபத்தை 36 சதவீதம் குறைக்கும்’ என்ற வாசகமும் ஒரு துண்டறிக்கையிலோ உறவினர் அனுப்பிய வாட்ஸ்அப் படத்திலோ வந்து சேர்ந்திருக்கலாம். அப்படியானால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே வகை மாத்திரை எழுதப்பட்டது. அம்மாவுக்கு 62 வயது. ரத்த அழுத்தம் உண்டு, இதயக் கோளாறு எதுவும் இதுவரை இல்லை. மாமாவுக்கு ஏற்கெனவே ஒரு முறை மாரடைப்பு வந்துவிட்டது. இருவருக்கும் ஒரே சதவீதத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் இருவருக்கும் கிடைக்கும் பலன் ஒன்றல்ல. அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள நாங்கள் லேபுக்கும் கிளினிக்குக்கும் மருந்துக் கடைக்குமாக அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இதைப் படித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறிப்பாக, மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. கணக்கு, மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்பதற்குத்தான்.

1. சதவீதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நான்கு விவரங்களைத் தேடுங்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ‘36 சதவீதம் தள்ளுபடி’ என்று பலகை தொங்கினால் உள்ளே போனதும் நாம் என்ன கேட்போம்? ‘விலை எவ்வளவு?’ என்றுதான். நூறு ரூபாய்த் துண்டுக்கும் ஐயாயிரம் ரூபாய்ப் பட்டுக்கும் தள்ளுபடி ஒரே சதவீதம்தான், மிச்சமாகும் பணம் வேறு. மருந்து விளம்பரத்தில் அந்த ‘விலை’தான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

ஆகவே எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் நான்கைத் தேடுங்கள். மருந்து சாப்பிடாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது? சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு வந்தது? எத்தனை ஆண்டுகளில்? ‘வந்தது’ என்று எதைச் சொல்கிறார்கள்: மாரடைப்பையா, மரணத்தையா, ரத்தப் பரிசோதனையில் மாறிய ஓர் எண்ணையா? நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தச் சதவீதத்தை வைத்து முடிவெடுக்க வழியில்லை.

துண்டறிக்கையில் நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொடி எழுத்தில் ஏதாவது இருந்தால் அதை முதலில் படியுங்கள். அங்கும் இல்லை என்றால் ஆய்வின் பெயரைக் கண்டுபிடித்து pubmed.ncbi.nlm.nih.gov தளத்தில் தேடுங்கள். ஆய்வுச் சுருக்கம் அங்கே இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் இருக்கும், நமக்கு வேண்டியது அதிலுள்ள எண்கள் மட்டும்தான் என்பதால் கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது உதவினால் போதும்.

2. ஒரு கழித்தல், இரண்டு வகுத்தல்: 36 சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள்

அந்த 36 சதவீதம் உண்மையான எண்தான், யாரும் கற்பனை செய்ததல்ல. அடோர்வாஸ்டாட்டின் மாத்திரையின் ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. தேடுவதற்கான பெயர் ASCOT-LLA. பிரிட்டன், அயர்லாந்து, நார்டிக் நாடுகளில் நடந்தது. ரத்த அழுத்தத்துடன் வேறு மூன்று ஆபத்துக் காரணிகளாவது இருந்த, 40 முதல் 79 வயது வரையுள்ள 10,305 பேர் இதில் சேர்ந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு தினமும் 10 மில்லிகிராம் மாத்திரை, மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை.

சுமார் 3.3 ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 5,137 பேரில் 154 பேருக்கும், மருந்து சாப்பிட்ட 5,168 பேரில் 100 பேருக்கும் மாரடைப்போ இதயத் தமனி நோயால் மரணமோ நேர்ந்திருந்தது.

இனி ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஆயிரம் பேருக்கு என்று மாற்றுங்கள். ஆயிரத்துக்கு மாற்றினால் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வெற்று மாத்திரை: ஆயிரத்தில் 30 பேர்.
மருந்து: ஆயிரத்தில் 19 பேர்.
வித்தியாசம்: ஆயிரத்தில் 11 பேர்.

இந்த 11-ஐ 30-ஆல் வகுத்தால் சுமார் 36 சதவீதம் வரும். இதுதான் ஒப்பீட்டுக் குறைவு. மருத்துவர்கள் ரிலேட்டிவ் ரிஸ்க் ரிடக்‌ஷன் என்பார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இது. ஆயிரம் பேரில் 11 பேர் என்பதை அப்படியே, அதாவது நூற்றுக்கு 1.1 என்று சொன்னால் அது நேரடிக் குறைவு, அவர்கள் மொழியில் அப்சலூட் ரிஸ்க் ரிடக்‌ஷன். இரண்டும் ஒரே 11 பேரைப் பற்றியவைதான்.

கடைசியாக 1,000-ஐ 11-ஆல் வகுங்கள். சுமார் 90 வரும். அதாவது இப்படிப்பட்ட 90 பேர் 3.3 ஆண்டுகள் தினமும் மாத்திரை சாப்பிட்டால் ஒருவருக்கு மாரடைப்பு தவிர்க்கப்படும். ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரைகள் சுமார் 1,200. மற்ற 89 பேரில் பெரும்பாலோருக்கு மாத்திரை இல்லாவிட்டாலும் அந்தக் காலத்துக்குள் மாரடைப்பு வந்திருக்காது. இரண்டொருவருக்கு மாத்திரை சாப்பிட்டும் வரும். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது.

இந்த எண்ணைப் பார்த்ததும் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சிலர் கொதிக்கிறார்கள். என் கருத்து அதுவல்ல. ஒப்பீட்டுக் குறைவு மருந்தின் வலுவைச் சொல்கிறது. நேரடிக் குறைவு அந்த வலு உங்கள் உடம்பில் எவ்வளவு பலனாக மாறும் என்று சொல்கிறது. முதலாவது ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறுவதில்லை. இரண்டாவது மிகவும் மாறும். அதனால்தான் அடுத்த படி அவசியமாகிறது.

3. உங்கள் சொந்த ஆபத்து எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. வயது, ஆண் பெண் வேறுபாடு, புகைப்பழக்கம், சர்க்கரை நோய், ரத்த அழுத்தத்தின் மேல் எண், மொத்தக் கொலஸ்டரால் என ஆறு விவரங்கள் வேண்டும். இவற்றை வைத்து அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைச் சொல்லும் வண்ண அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் புதுப்பித்து வெளியிட்டது. உலகை 21 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நமக்கு உரியது தெற்காசிய அட்டவணை. இணையத்தில் WHO CVD risk chart South Asia என்று தேடினால் கிடைக்கும். பச்சைக் கட்டம் 5 சதவீதத்துக்குக் கீழ், மஞ்சள் 5 முதல் 10-க்குள், ஆரஞ்சு 10 முதல் 20-க்குள், அதற்கு மேல் சிவப்பு. 40 முதல் 74 வயது வரையுள்ளவர்களுக்கானது.

இங்கே இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் கொலஸ்டரால் மில்லிகிராமில் இருக்கும், அட்டவணையில் மில்லிமோல் என்ற அளவில் இருக்கும். மில்லிகிராம் எண்ணை 38.7-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 200 என்று இருந்தால் சுமார் 5.2. இரண்டாவது, மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. அவர்களுடைய ஆபத்து அட்டவணை சொல்வதைவிட அதிகம். எங்கள் மாமாவின் எண்களை அதில் பொருத்திப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

ரத்த அழுத்தத்தை ஒரே நாள் அளவை வைத்து எழுதாதீர்கள். மாடிப்படி ஏறி மூச்சிரைக்கப் போய் உட்கார்ந்ததும் அளந்தால் எண் கூடித்தான் காட்டும். சில நாள் இடைவெளியில், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு எடுத்த அளவுகள் இருந்தால் நல்லது.

4. இரண்டையும் பெருக்குங்கள்: ஒரே வீடு, இரண்டு கணக்கு

அம்மாவின் கட்டத்தில் 8 என்று வந்தது. அதாவது அவரைப் போன்ற 100 பேரில் 8 பேருக்குப் பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 39 மில்லிகிராம் குறைந்தால் இத்தகைய நோய்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று தெரியவந்திருக்கிறது. அம்மாவுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே குறையும் என்பதால் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம். 8 பேர் 6 பேர் ஆவார்கள். நூறு பேர் பத்து ஆண்டுகள் சாப்பிட்டால் 2 பேர் தப்புவார்கள். 6 பேருக்குச் சாப்பிட்டும் வரும். 92 பேருக்கு எப்படியும் வராது.

மாமாவின் பக்கம் வருவோம். மாரடைப்போ நெஞ்சுவலி நோயோ ஏற்கெனவே இருந்த 4,444 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வு 1994-இல் வெளியானது. 4S என்று அழைப்பார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த சிம்வாஸ்டாட்டின் மாத்திரைதான் மருந்து. சுமார் ஐந்தரை ஆண்டுகளில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 115 பேர் இறந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 82 பேர். ஒப்பீட்டுக் குறைவு சுமார் 30 சதவீதம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்தைய ஆய்வில் 36 சதவீதம், இதில் 30. விளம்பரப் பலகையில் போட்டால் 36-தான் பெரியதாகத் தெரியும். ஆனால் அங்கே ஆயிரத்துக்கு 11 பேர் தப்பியது மாரடைப்பிலிருந்து. இங்கே ஆயிரத்துக்கு 33 பேர் தப்பியது மரணத்திலிருந்து. 30 பேர் சாப்பிட்டால் ஓர் உயிர். ஆண்டுகள் ஒன்றல்ல என்பதால் 11-ஐயும் 33-ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. 1994-இல் இருந்ததைவிட இன்று மற்ற சிகிச்சைகள் மேம்பட்டிருப்பதால் இன்றைய பலன் அதே அளவு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அப்படியிருந்தும், மாரடைப்பு வந்தவருக்கு இந்த மாத்திரை எவ்வளவு முக்கியம் என்பது இதிலேயே தெளிவாகிவிடுகிறது. ‘சதவீதம் எல்லாம் வியாபாரம்’ என்று சொல்லி மாமாவை நிறுத்தச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த இரண்டு வரிகளைத்தான் காட்டினோம்.

5. ஏமாறக்கூடிய இடங்கள்

*பலனுக்கு ஓர் அளவுகோல், பக்க விளைவுக்கு வேறொன்று.* எனக்கு மிகவும் கோபம் வரவழைப்பது இதுதான். 2008-இல் வெளியான ஜூபிட்டர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ரோசுவாஸ்டாட்டின் மாத்திரை, 17,802 பேர், சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம். இதய, ரத்தநாள நோய்கள் 44 சதவீதம் குறைந்தன. அதே ஆய்வில் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்கள் வெற்று மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 2.4, மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 3. ‘நோய் 44 சதவீதம் குறைவு, சர்க்கரை நோய் வெறும் 0.6 கூடுதல்’ என்று ஒருவர் எழுதலாம். ‘நன்மை நூற்றுக்கு ஒன்றேகால்கூட இல்லை, சர்க்கரை நோயோ 25 சதவீதம் கூடுகிறது’ என்று மருந்தை எதிர்ப்பவர் எழுதலாம். இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரும் உங்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டையும் ஆயிரத்துக்கு மாற்றுங்கள்: இதய நோய் 28 பேரிலிருந்து 16 பேராகக் குறைந்தது, சர்க்கரை நோய் 24 பேரிலிருந்து 30 பேராகக் கூடியது. இப்போது எடை போடலாம்.

*லேப் எண்ணை நோயாக எண்ணிக்கொள்வது.* மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் எல்.டி.எல். 40 சதவீதம் இறங்கலாம். ரிப்போர்ட்டைப் பார்த்து மாரடைப்பு வாய்ப்பும் 40 சதவீதம் இறங்கிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். அவை வேறு வேறு எண்கள்.

*எதில் குறைவு என்று பார்க்காமல் விடுவது.* 36 சதவீதம் குறைந்தது மாரடைப்பும் இதயத் தமனி நோய் மரணமும் சேர்ந்த கணக்கு. அதே ஆய்வில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் வெற்று மாத்திரைப் பிரிவில் 212, மருந்துப் பிரிவில் 185. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். ஆகவே ‘மரணத்தை 36 சதவீதம் குறைக்கும்’ என்று யாராவது சொன்னால் அது தவறு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 36 என்பது நடு மதிப்பீடு. உண்மை 17-க்கும் 50-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்றுதான் ஆய்வே சொல்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குத் திட்டமிட்ட இந்த ஆய்வைப் பலன் தெரிந்ததும் முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்தும் ஆய்வுகளில் பலன் சற்றுப் பெரிதாகத் தெரிவது உண்டு.

6. மருத்துவரிடம் போகும் நாள்: ஆவணங்கள், நேரம், செலவு

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: கடைசியாக எடுத்த கொழுப்புப் பரிசோதனை ரிப்போர்ட், சர்க்கரை ரிப்போர்ட், தேதி போட்டு எழுதிய ரத்த அழுத்த அளவுகள், பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம். மாமாவுக்கு மாரடைப்பு வந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சான்று. அது இல்லாமல் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கொழுப்புப் பரிசோதனைக்குப் பெரும்பாலான லேப்களில் இரவு உணவுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றுடன் வரச் சொல்வார்கள். தண்ணீர் குடிக்கலாம். தனியார் லேபில் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ‘முழு உடல் பேக்கேஜ்’ எடுக்கச் சொல்லி வற்புறுத்தினால் மயங்க வேண்டாம். இந்தக் கணக்குக்கு லிப்பிட் புரொஃபைலும் சர்க்கரையும் போதும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காட்டுவதானால் பரிசோதனைக்கும் மருந்துக்கும் செலவில்லை. ஆனால் ஓ.பி. காலை வேளையில்தான். சீட்டு வாங்கும் வரிசைக்கு முன்னதாகவே போய்விடுங்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் குறைவு, பேசவும் நேரம் கிடைக்கும். கணக்குக் கேட்க அதுவே நல்ல இடம் என்பது என் அனுபவம்.

மாத்திரையைக் கடையில் வாங்குவதானால் ஒரு மாத்திரையின் விலையை 365-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதே மருந்து, அதே மில்லிகிராம், மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ என்ன விலை என்றும் விசாரியுங்கள். ஆண்டுக் கணக்கில் சாப்பிட வேண்டியது என்பதால் சிறிய வித்தியாசமும் சேர்ந்துவிடும்.

மருத்துவர் எதிரில் உட்கார்ந்ததும் ‘சதவீதம் பொய்யாமே’ என்று தொடங்காதீர்கள். நேரமும் போகும், மனமும் கசக்கும். அம்மா கேட்டது இப்படி:

“டாக்டர், என்னைப் போல நூறு பேர் இந்த மாத்திரை சாப்பிடாமல் இருந்தால் பத்து வருஷத்தில் எத்தனை பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும்? சாப்பிட்டால் எத்தனை பேருக்கு வரும்?”

மருத்துவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “ஏழெட்டுப் பேருக்கு வரலாம்மா. சாப்பிட்டால் ரெண்டு பேர் குறையும்” என்றார்.

“அந்த நூறு பேரில் இந்த மாத்திரையால் தொந்தரவு எத்தனை பேருக்கு?”

தசைவலி, ஈரல் பரிசோதனை, சர்க்கரை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பதிலை ஓ.பி. சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டோம். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் எண்கள் மறந்து சதவீதம் மட்டும் நினைவில் நிற்கும்.

அம்மா யோசித்து, சாப்பிடுவதாக முடிவு செய்தார். நூற்றில் இருவர் என்பது அவருக்குப் போதுமானதாகப் பட்டது. அவருடைய அக்கா பக்கவாதத்தில் படுத்ததைப் பார்த்தவர். இதே எண்ணைக் கேட்டு, ‘முதலில் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் சரி செய்கிறேன், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்’ என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுப்பவரும் தவறு செய்யவில்லை. மாமாவின் நிலையில் இருப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

7. கணக்கை எப்போது திரும்பப் போட வேண்டும்

மாத்திரை தொடங்கி ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் கொழுப்பு எவ்வளவு இறங்கியது என்று ஒரு முறை பார்ப்பார்கள். அதன் பிறகு, அட்டவணையில் உங்கள் கட்டம் மாறும்போதெல்லாம் கணக்கும் மாறும். புதிதாகச் சர்க்கரை நோய் வந்தாலோ, புகைப்பதை விட்டாலோ, வயது அடுத்த ஐந்தாண்டுக் கட்டத்துக்குப் போனாலோ பழைய எண்ணைக் கிழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள். நெஞ்சில் அழுத்தம், முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் தளர்வு என்று ஏதாவது வந்தால் அட்டவணையைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.